பன்னிரண்டாம் நாள் வரை என் ரத்தம் எங்கே போயிருந்தது

எனக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வருகிற ஒரு ரத்தப் புற்றுநோய். முதல் கட்ட மருந்துகள் முடிந்ததும் என்னுடைய ஸ்டெம் செல்களையே எடுத்து உறைய வைத்து, பிறகு பெரிய அளவில் மெல்ஃபலான் என்ற மருந்தைக் கொடுத்து மஜ்ஜையைத் துடைத்துவிட்டு, எடுத்து வைத்ததை எனக்கே திருப்பி ஏற்றுவது என்று முடிவானது. கையெழுத்துப் போட்ட படிவத்தில் வாய்ப்புண், வாந்தி, முடி கொட்டுவது எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. தினமும் காலையில் வரப்போகும் ரத்தப் பரிசோதனைத் தாளை எப்படிப் படிப்பது என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. கூட இருக்க ஆள் இல்லாத எனக்குத் தனி அறையில் அந்தத் தாள்தான் பேச்சுத் துணை. அதைத் தப்பாகப் படித்ததிலும் கேட்க வேண்டியதைக் கேட்காததிலும் ஐந்து வாரம் போனது, ஒரு நடு ராத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடியது, அழுத நேரத்துக்குக் கணக்கே இல்லை. அடுத்து அந்த அறைக்குள் போகிறவர் நான் பயந்ததில் பாதிக்கும் பயப்படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தப்பு செல் சேகரிக்கும்போதே நடந்தது. என் எடை 60 கிலோ. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் கணக்கில் தினம் 600 மைக்ரோகிராம் ஜி-சிஎஸ்எஃப் ஊசி. இந்த ஊசியில் இருப்பது உடம்பே சுரக்கிற ஒரு வளர்ச்சிக் காரணி. மஜ்ஜைக்குள் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணுவாக ஆகப் போகிற அணுக்களைப் பெருகச் சொல்லும், சீக்கிரம் முதிரச் சொல்லும், இருப்பில் உள்ளதை ரத்தத்துக்குள் தள்ளிவிடவும் செய்யும். மூன்றாம் நாள் இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளேயிருந்து யாரோ துருத்தி வைத்து ஊதுவதுபோல் வலித்தன. அந்த வலியைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. மஜ்ஜை வேலை செய்கிற வலி அது, டாக்டரைக் கேட்டு மாத்திரை போட்டால் அடங்கும். ஆனால் இடது விலா எலும்புக்குக் கீழேயோ இடது தோளிலோ வலித்தால் அது வேறு விஷயம். இந்த ஊசியில் மண்ணீரல் வீங்கும், மிக அரிதாகக் கிழிந்தும் போகலாம். அந்த வலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் நாள் காலையில் வெள்ளை அணு 38,000. சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டியது இப்படி ஏறியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, "இன்னைக்கே எடுத்துடுவாங்க" என்றேன். ஒரு மணி நேரத்தில் டாக்டர் வந்து, "சிடி34 ஏழுதான் இருக்கு, இன்னைக்கு எடுக்க முடியாது" என்றார். மறுநாள் ஆறு. அத்தோடு அந்தச் சுற்றைக் கைவிட்டார்கள். அடுத்த முயற்சிக்கு நாள் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அடக்கி வைத்த நோய் திரும்பத் தலை தூக்குமோ என்ற பயத்திலேயே கழிந்தது.

38,000 எனக்குக் காட்டியது கடைசிப் படியில் நிற்கிற அணுக்களை. சிடி34 என்பது முதல் சில படிகளில் இருக்கிற அணுக்களின் மேல் மட்டும் காணப்படும் ஒரு புரத அடையாளம். ரத்த அணு எதுவானாலும் ஸ்டெம் செல்லில்தான் தொடங்குகிறது. ஸ்டெம் செல் பிரிந்து, எதுவாகவும் ஆகக்கூடிய முன்னோடி அணுவாகி, அடுத்து ஒரு பக்கம் சாய்கிறது. ஒரு கிளை வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில், மோனோசைட் வகைக்குப் போகும். இன்னொன்று சிவப்பணுவுக்கும் பிளேட்லெட்டுக்கும் போகும். மற்றொன்று லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளை அணுவுக்கு. கிளை பிரிந்து சில படி இறங்கியதும் சிடி34 அடையாளம் உதிர்ந்துவிடும். ஆகவே சேகரிக்கும் இயந்திரத்துக்கு வேண்டியது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை சிடி34 அணு இருக்கிறது என்ற கணக்கு. பொதுவாக 10-லிருந்து 20 வரையாவது வந்தால்தான் இயந்திரத்தில் உட்கார வைப்பார்கள். வெள்ளை அணு 38,000 இருந்தும் சிடி34 ஏழாக இருக்கலாம் என்பதற்கு நானே சாட்சி. முன்பு மாதக்கணக்கில் லெனலிடோமைடு என்ற மைலோமா மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு இப்படி நடப்பது அதிகம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நானும் அதைத்தான் சாப்பிட்டிருந்தேன்.

இரண்டாம் முறை ஊசியோடு பிளெரிக்ஸஃபோர் என்ற மருந்தையும் சேர்த்தார்கள். ஸ்டெம் செல் மஜ்ஜையில் தானாக உட்கார்ந்திருப்பதில்லை. அங்குள்ள தாங்கு அணுக்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற ஒரு வேதிப் பொருளைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. அந்தப் பிடிதான் கயிறு. ஜி-சிஎஸ்எஃப் சில நாட்களில் சுற்றுவழியாக அந்தக் கயிற்றை நைய வைக்கிறது. பிளெரிக்ஸஃபோர் நேராக ஏற்பியிலேயே போய் உட்கார்ந்து பிடியை விடுவித்துவிடும். முந்தைய நாள் ராத்திரி தோலுக்கடியில் போட்டார்கள், சேகரிப்புக்கு ஏறத்தாழ 11 மணி நேரம் முன்னால். மறுநாள் காலையில் சிடி34 எண்ணிக்கை 28. முதல் நாள் கிலோவுக்கு 26 லட்சம், இரண்டாம் நாள் 17 லட்சம், ஆக 43 லட்சம் கிடைத்தது. 20 லட்சம் குறைந்தபட்சம், 40 லட்சத்துக்கு மேல் என்றால் நிம்மதி என்றார் டாக்டர். நீங்கள் இந்தக் கட்டத்துக்குப் போகும்போது ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: "சிடி34 குறைவா இருந்தா அன்னைக்கே பிளெரிக்ஸஃபோர் போடுவீங்களா, மருந்து கையில இருக்கா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காததன் விலைதான் என் ஐந்து வாரம்.

இயந்திரத்தில் நாலைந்து மணி நேரம் இருக்கும்போது உதடும் விரல் நுனியும் மரத்தன. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. சொன்னால் கால்சியம் தருவார்கள். நான் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று பொறுத்துக்கொண்டு, கைகள் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தேன். தேவையில்லாத வீம்பு.

மெல்ஃபலான் கொடுத்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பைவிட்டு அது சீக்கிரம் வெளியேறிவிடுவதால் ஒரு நாள் இடைவெளி விட்டு உறைய வைத்த பையை ஏற்றினார்கள். அந்த நாள்தான் பூஜ்ஜியம். உறைநிலையில் காக்கப் போடும் ஒரு ரசாயனத்தால் மூச்சில் பூண்டு வாடை வரும், அறைக்குள் வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், நமக்குத்தான் தெரியாது. கை நரம்பில் ஏற்றுகிற செல் எலும்புக்குள் எப்படிப் போகும் என்று சிஸ்டரிடம் கேட்டேன். "அதுவே தேடிப் போய் உட்காந்துக்கும்" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான். பிளெரிக்ஸஃபோர் விடுவித்த அதே கயிறு இப்போது மறு திசையில் வேலை செய்கிறது, சிஎக்ஸ்சிஎல்12 இருக்கும் இடத்துக்குச் செல் ஈர்க்கப்பட்டுப் போய்ச் சேர்கிறது.

அதற்குப் பிறகுதான் காத்திருப்பு. ஐந்தாம் நாள் வெள்ளை அணு 300. ஆறாம் நாள் 100. ஏழு, எட்டு, ஒன்பது மூன்று நாளும் தாளில் "100-க்குக் கீழ்" என்று ஒரே வரி. ஐந்தாம் நாளிலிருந்து தினம் 300 மைக்ரோகிராம் ஜி-சிஎஸ்எஃப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்டும் ஏறவில்லை என்றால் ஏற்றிய செல் செத்துவிட்டது என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன். எட்டாம் நாள் ராத்திரி டாக்டரிடம், "டோஸைக் கூட்டுங்க, இது வேலை செய்யல" என்று கிட்டத்தட்டச் சண்டை போட்டேன். அவர் உட்கார்ந்து, ஒரு தாளின் பின்பக்கத்தில் ஆறு வட்டம் போட்டார்.

அந்த ஆறு வட்டத்தையும் முதல் நாளே யாராவது போட்டுக் காட்டியிருக்கலாம். நியூட்ரோஃபில் ஆகும் வழி இது: மைலோபிளாஸ்ட், புரோமைலோசைட், மைலோசைட், மெட்டாமைலோசைட், பேண்ட், கடைசியில் நியூட்ரோஃபில். முதல் மூன்று கட்டத்தில் அணு பிரிந்து பெருகும். மைலோசைட்டைத் தாண்டியதும் பிரிவது நின்றுவிடும், அதன் பிறகு உட்கரு வளைந்து, மடிந்து, துண்டு துண்டாகத் தெரியும் வடிவத்துக்கு முதிர்வது மட்டும்தான். சாதாரணமாக முதல் வட்டத்திலிருந்து ரத்தத்துக்கு வர ஏறக்குறைய 10-லிருந்து 14 நாள். ஜி-சிஎஸ்எஃப் அதைச் சுருக்கும், ஆனால் இல்லாத அணுவை உண்டாக்காது. அந்தப் பாதையில் ஏற்கெனவே கால் வைத்த அணுவைத்தான் அது விரட்ட முடியும். "உங்க செல்லு இப்ப மூணாவது வட்டத்துல இருக்கும். தாள்ல தெரியறது ஆறாவது மட்டும்தான்" என்றார். டோஸைக் கூட்டினால் பாதை மாறாது, எலும்பு வலிதான் கூடும் என்றும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி காய்ச்சல். வெள்ளை அணு இல்லாத நாட்களில் 38 டிகிரி தாண்டினாலே ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக் தொடங்கிவிடுவார்கள். அன்று மாலை தலைவலிக்கு, பையில் இருந்த பாராசிட்டமாலை நானே எடுத்துப் போட்டிருந்தேன். அது காய்ச்சலைச் சில மணி நேரம் மறைத்துவிட்டது. சிஸ்டருக்கு வந்த கோபம் நியாயமானது. சேகரிப்பின்போது எலும்பு வலிக்குச் சரியாக இருந்த மாத்திரை, எண்ணிக்கை விழுந்த பிறகு கேட்காமல் தொடவே கூடாதது.

பத்தாம் நாள் 200. பிரித்துப் பார்த்தால் அதில் முக்கால்வாசி மோனோசைட். நியூட்ரோஃபில் இல்லையே என்று நான் வாடிப்போக, டாக்டர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு. மோனோசைட்டும் நியூட்ரோஃபிலும் ஒரே முன்னோடியின் பிள்ளைகள். மோனோசைட்டின் பாதை குட்டை, அதனால் பெரும்பாலும் முதலில் தலை காட்டுவது அதுதான். பதினோராம் நாள் நியூட்ரோஃபில் 180. பன்னிரண்டாம் நாள் 620, பதின்மூன்றாம் நாள் 1,900, பதினான்காம் நாள் 4,100. தொடர்ந்து மூன்று நாள் 500-ஐத் தாண்டியிருந்தால், அந்த மூன்றில் முதல் நாளைத்தான் செல் பிடித்த நாள் என்று குறிப்பார்கள். எனக்குப் பன்னிரண்டு. அந்த நாளைக்குத்தான் நான் மிகவும் பயந்திருந்தேன் என்பது வேடிக்கை. இயந்திரம் "முதிராத அணுக்கள்" என்று கொடி காட்டியிருந்தது, கீழே மைலோசைட், மெட்டாமைலோசைட் என்று சதவீதம். போனில் தேடினால் ரத்தப் புற்றுநோய் பக்கங்களாகக் கொட்டின. ஊசியின் விரட்டலில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வட்டத்தில் இருப்பவை அவசரமாக வெளியே வந்துவிடுவதுதான் அது. மைலோசைட், மெட்டாமைலோசைட், பேண்ட் என்று எல்லாப் படியும் கலந்து தெரிந்தால் அது ஊசியின் முத்திரை. நடுப் படிகள் எதுவும் இல்லாமல் முதல் வட்டத்து பிளாஸ்ட் மட்டும் தெரிந்தாலோ, ஊசி நின்று நாளான பிறகும் முதிராத அணுக்கள் போகாமல் இருந்தாலோ, அப்போது கேளுங்கள்.

வெள்ளை அணு ஏறிவிட்டது, பிளேட்லெட் மட்டும் ஏன் 12,000-லேயே கிடக்கிறது என்பது அடுத்த மனக்கவலை. எட்டாம் நாளும் பதினோராம் நாளும் பத்தாயிரத்துக்குக் கீழே போனதால் ஏற்றியிருந்தார்கள். ஜி-சிஎஸ்எஃப் நியூட்ரோஃபிலுக்கு என்பதுபோல் பிளேட்லெட்டுக்கும் ஒரு ஊசி போடுங்களேன் என்று கேட்டேன். பிளேட்லெட்டின் காரணி திராம்போபொயட்டின், கல்லீரல் அதை ஏறத்தாழ ஒரே அளவில் சுரந்துகொண்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது: பிளேட்லெட்டே அதைப் பிடித்து விழுங்கிவிடும். பிளேட்லெட் நிறைய இருந்தால் ரத்தத்தில் காரணி குறைவு, பிளேட்லெட் குறைந்தால் விழுங்க ஆள் இல்லாமல் காரணி தானாக ஏறும். ஆகவே அந்த நாட்களில் என் ரத்தத்தில் அது ஏற்கெனவே உச்சத்தில் இருந்திருக்கும், வெளியிலிருந்து கொடுத்து அவசரப்படுத்த இடமில்லை. குறை காரணியில் இல்லை, அதைக் கேட்டு நடக்க வேண்டிய மெகாகேரியோசைட் இன்னும் முதிரவில்லை. அந்த அணு உடலைப் பிரிக்காமல் உட்கருவின் மரபுப் பொருளை மட்டும் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்கி, 16 மடங்கு, 32 மடங்கு என்று ராட்சதனாகிறது. பிறகு மஜ்ஜையின் ரத்த நாளத்துக்குள் நீண்ட கைகளை நீட்டி ஆயிரக்கணக்கில் துண்டுகளாக உதிர்கிறது. அந்தத் துண்டுதான் பிளேட்லெட். இதற்கு நாள் பிடிக்கும். பதினாறாம் நாள் 19,000, பதினெட்டாம் நாள் ஏற்றாமலே 31,000. ஏற்றிய மறுநாள் தெரியும் எண்ணைப் பார்த்துக் குதிக்காதீர்கள், அது இரவல். ஏற்றாமல் இரண்டு மூன்று நாள் நிற்கிறதா என்று பாருங்கள்.

பதினைந்தாம் நாள் ஊசியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள், அன்று வெள்ளை அணு 5,600. பதினெட்டாம் நாள் பரிசோதனையில் 2,400. தாள் கைக்கு வந்தது ராத்திரி பத்தரைக்கு. பிடித்த செல் விட்டுவிட்டது என்று நினைத்து அவசரப் பிரிவுக்குப் போய், இருமுகிறவர்கள் நடுவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்த மிக ஆபத்தான காரியம் என்று பணியில் இருந்த டாக்டர் சொன்னார். நியூட்ரோஃபில் ரத்தத்தில் சுற்றுவது சில மணி நேரம்தான், பிறகு திசுக்களுக்குள் போய்விடும். விரட்டுகிற ஊசி நின்றதும் ஓரிரு நாளில் எண்ணிக்கை பாதியாவது எதிர்பார்த்ததே. அன்று என் நியூட்ரோஃபில் 1,300. திரும்பவும் 500-ஐ நோக்கி விழுந்துகொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோதான் ஓட வேண்டும். ஊசி நின்ற நாளைத் தாளில் வட்டமிட்டு வைத்திருந்தால் அந்த ராத்திரியை நான் தூங்கிக் கழித்திருப்பேன்.

சிவப்பணு இந்த மூன்றிலும் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். பழைய சிவப்பணு 120 நாள் வாழ்வதால் மஜ்ஜை நின்ற நாளில் ஒன்றும் தெரியாது, தினம் நூற்றில் ஒரு பங்கு மெல்லக் கழியும். அதனால்தான் நியூட்ரோஃபில் ஏறிக்கொண்டிருந்த பதின்மூன்றாம் நாள் என் ஹீமோகுளோபின் இறங்கி 7.4-க்கு வந்து, ஒரு பை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எனக்கு வரும் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சேகரிப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்து மாற்று முடிந்து மூன்று மாதம் வரையாவது அது பொருந்தும். வேறு மருத்துவமனையில் ஏற்ற நேர்ந்தால் நீங்களே சொல்ல வேண்டும்.

இரண்டு மாதமாகியும் ஹீமோகுளோபின் 8.6-ஐத் தாண்டவில்லை. என் விஷயத்தில் காரணம் மஜ்ஜையில் இல்லை, சிறுநீரகத்தில். மைலோமா அதை முன்பே கொஞ்சம் கெடுத்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் சுரப்பது சிறுநீரகம்தான். சிவப்பணுப் பாதையில் பாதி வழியில் வரும் ஓர் அணுவுக்கு இந்தக் காரணி கிடைக்காவிட்டால் அது முதிர மறுப்பதில்லை, தன்னையே அழித்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளந்து பார்த்ததில், 8.6-க்கு இருக்க வேண்டிய அளவைவிட எரித்ரோபொயட்டின் மிகக் குறைவு. அதையே ஊசியாகத் தொடங்கினார்கள், ரத்தக் கட்டி அபாயம் இருப்பதால் யோசித்துத்தான். ஒரு வாரத்தில் ஹீமோகுளோபின் அசையவில்லை என்று நான் மறுபடி தொடங்கினேன். இந்த முறை தாளில் பார்க்க வேண்டிய இடத்தை டாக்டர் காட்டினார்: ரெட்டிகுலோசைட். உட்கருவை உதறிவிட்டு அப்போதுதான் ரத்தத்துக்குள் வந்த இளம் சிவப்பணு அது. காரணி வேலை செய்கிறது என்றால் முதலில் ஏறுவது அதுதான், ஹீமோகுளோபின் இரண்டு மூன்று வாரம் பின்னால் வரும். எனக்கு 0.6 சதவீதத்திலிருந்து 2.1-க்கு ஏறியிருந்தது. ஐந்தாம் வாரம் ஹீமோகுளோபின் 10.

கடைசியாக லிம்ஃபோசைட். தாளில் அந்த எண் சில வாரங்களிலேயே சரியாகத் தெரிந்தது, அதனால் நான் கவனிக்கவே இல்லை. எண் சரியாக இருப்பதும் வகை சரியாக இருப்பதும் ஒன்றல்ல. லிம்ஃபோசைட்டில் ஒரு வகையான டி செல் முதிரத் தைமஸ் சுரப்பி வேண்டும், இன்டர்லூக்கின்-7 என்ற காரணி வேண்டும், வயதான பிறகு தைமஸே சுருங்கிப் போயிருக்கும். நினைவில் வைத்திருந்த பழைய தடுப்பூசிகளின் பலனும் பெருமளவு கரைந்துவிடும். எட்டாம் மாதம் எனக்குத் தடுப்பூசிகளை முதலிலிருந்து தொடங்கினார்கள். உயிருள்ள கிருமி கலந்தவை மட்டும் இரண்டு வருஷம் முடிகிற வரை கூடாதென்று அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை, பின்னால் இன்னொன்று. பின்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்து, "உங்க குழந்தை எங்கங்க?" என்று கேட்டார். அட்டையை எடுத்துக் காட்டினேன்.